எழுத்தும் வரிவடிவும்: புறக்கோடாக மாறிய தமிழ்ப் பனுவலைத் தேட இயலாமை குறித்து ஒரு வரலாற்றுப் பார்வை



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய சொல்லைத் தேடிப் புறப்பட்டேன். அச்சொல் 'பசியாறு' என்பது. தமிழகத்தில் அது பொதுவாகப் பசி தணிதலைக் குறிக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது காலை உணவு உண்பதைக் குறிக்கும் வழக்காக நிலைபெற்றுள்ளது. 'பசியாறியாகிவிட்டதா?' என்று காலையில் ஒருவர் கேட்டால், நம்மவருக்குப் பொருள் ஐயமின்றி விளங்கும். இந்தப் பொருள்மாற்றம் நம் சிறுகதைகளில் எவ்வாறு பதிவாகியுள்ளது என்று ஆராய விரும்பினேன். அதற்காக 2000களில் வெளிவந்த ஒரு சிறுகதைத் தொகுப்பின் பிடிஎஃப் கோப்பை அதன் பதிப்பாளரிடமிருந்து கேட்டுப் பெற்றேன்.

கோப்பைத் திறந்தேன். முதற்கதையின் இரண்டாம் பத்தியிலேயே 'பசியாறி' என்ற சொல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும் தேடற்பெட்டியில் அதனைத் தட்டச்சு செய்தபோது, அப்படியொரு சொல் இல்லை என்று மென்பொருள் விடை தந்தது. சொல்லைச் சுட்டியால் தேர்ந்தெடுக்க முயன்றேன், இயலவில்லை. பக்கம் முழுவதையும் நகலெடுத்து வேறோர் ஆவணத்தில் ஒட்டினேன். '17' என்ற பக்க எண் மட்டும் வந்து விழுந்தது. இருநூறு பக்கத் தமிழ் என் கண்முன் இருந்தது. கணினிக்கோ அது ஒரு சொல்லும் இல்லாத நூலாக இருந்தது.

இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பதே இன்றைய உரையின் பொருள். இதற்கான விடை ஒரு மென்பொருட் கட்டளையில் முடிந்துவிடுவதன்று. எழுத்துக்கும் அதன் வடிவத்துக்கும் இடையிலான உறவு அச்சுத் தொழிலின் வரலாற்றில் எவ்வாறு மாறி வந்தது என்பதோடு அது பிணைந்துள்ளது.

எழுத்தின் மூன்றாம் வடிவு

நம் இலக்கண மரபு எழுத்தை ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டாகப் பகுத்துக் காணும். செவியால் அறிவது முன்னது. கண்ணால் அறிவது பின்னது. கணினி வந்த பின்னர் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதனைக் குறிவடிவு என்று இவ்வுரையில் அழைக்கிறேன். ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணையே சேமித்து வைக்கிறது. இன்றைய யூனிகோடு முறையில் ககரத்தின் குறியெண் U+0B95. பகரத்தின் குறியெண் U+0BAA. திரையிலும் தாளிலும் நாம் காண்பது அந்த எண்ணுக்கு ஓர் எழுத்துரு அணிவிக்கும் ஆடையேயாகும்.

தேடுதல், நகலெடுத்தல், அகரவரிசைப்படுத்தல், பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டுதல் ஆகிய செயல்கள் யாவும் குறிவடிவின்மீதே நிகழ்கின்றன. கணினி தேடும்போது பக்கத்தைப் பார்ப்பதில்லை. எண்வரிசையோடு எண்வரிசையை ஒப்பிடுகிறது. வரிவடிவு எவ்வளவு அழகாக இருப்பினும், குறிவடிவு இல்லையெனில் இச்செயல்களுக்குப் பிடிமானமே இல்லை. வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தைப் புறக்கோடாக மாற்றும் செயல், வரிவடிவை மட்டும் காப்பாற்றிக் குறிவடிவை நீக்கிவிடுகிறது.

ஈய அச்சிலிருந்து ஒளியச்சு வரை

இத்தகைய இழப்புக்கு ஈய அச்சுக் காலத்திலேயே ஒரு முன்னுருவம் உண்டு. 1887இல் சிங்கப்பூரில் வெளிவரத் தொடங்கிய 'சிங்கை நேசன்' போன்ற இதழ்களின் காலத்தில், அச்சுக்கோப்பவர் அறைகள் பகுத்த பெட்டியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வரிசையில் அடுக்கினார். ஓர் எழுத்து பிழையானால் அதனை மட்டும் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். அச்சு முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து மீண்டும் அவற்றின் அறைகளில் இடலாம். எந்த அறையிலிருந்து வந்தது என்பதே அந்த எழுத்தின் அடையாளம்.

ஆயினும் மறுபதிப்பு வேண்டும் நூல்களுக்கு அச்சகத்தார் வேறொரு முறையையும் கையாண்டனர். கோத்த பக்கத்தின்மீது அச்சுப்படிவம் எடுத்து, அதில் உலோகத்தை உருக்கி ஊற்றி, பக்கம் முழுவதையும் ஒரே தகடாக வார்த்தனர். ஆங்கிலத்தில் இதனை ஸ்டீரியோடைப் என்பர். தகட்டிலிருந்து எத்தனை படிகளையும் எடுக்கலாம். ஆனால் தகட்டிலுள்ள ககரத்தைப் பிடுங்கி அறையில் இட இயலாது. அது எழுத்து என்னும் நிலையை இழந்து, உலோகப் பரப்பின் ஒரு மேடாகிவிட்டது. புறக்கோடு என்பது இந்தத் தகட்டின் மின்னணு வடிவம் எனலாம்.

1984இல் அடோபி நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழியை வெளியிட்டது. மறு ஆண்டு ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி அம்மொழியோடு சந்தைக்கு வந்தது. அம்முறையில் எழுத்துரு என்பது கணிதக் கோடுகளால் ஆன வரிவடிவங்களின் தொகுப்பு. பக்கத்தை விவரிக்கும் கோப்பு, 'இந்த எழுத்துருவில் இந்த எண்ணுக்குரிய வடிவத்தை இந்த இடத்தில் இடுக' என்று கட்டளையிடும். அச்சுப்பொறி அந்த எழுத்துருவைத் தன்னிடமிருந்து எடுத்து வரையும்.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. பக்கத்தை அமைத்தவரிடம் இருக்கும் எழுத்துரு, அச்சுக்குப் படலம் எடுக்கும் நிலையத்தில் இல்லையானால் என்ன ஆகும்? போஸ்ட்ஸ்கிரிப்ட் பொறிகள் விடுபட்ட எழுத்துருவுக்குப் பதிலாகக் கூரியர் என்னும் ஆங்கில எழுத்துருவை இடுவது வழக்கம். ஆங்கில நூலாயின் அழகு கெடும், படிக்கவாவது முடியும். தமிழ் நூலாயின் பக்கம் முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளுமாக மாறிவிடும்.

அது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். 1990களில் புழங்கிய தமிழ் எழுத்துருக்களுக்கெனத் தனிக் குறியெண்கள் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய 256 இடங்களில் ஒவ்வோர் உருவாக்குநரும் தம் விருப்பப்படி தமிழ் வடிவங்களை அமர்த்தினர். ஓர் எழுத்துருவில் ககரம் இருந்த இடத்தில் மற்றொன்றில் மகரம் இருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாப், டாம் என்னும் இரு குறியேற்றங்களை ஏற்றது. யூனிகோடு முறையில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், வடிவமைப்பு மென்பொருள்கள் அதனைத் தமிழுக்கு ஏற்பக் கையாள நெடுங்காலம் ஆயிற்று. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு இன்டிசைனில் 2012இன் சிஎஸ்6 பதிப்பில்தான் பயனர் எட்டும் நிலைக்கு வந்தது.

அதுவரை தமிழ் வடிவமைப்பாளருக்கு அச்சம் ஒன்றே. தம் கணினியில் சரியாகத் தெரியும் பக்கம் அச்சகத்தில் சிதைந்துவிடக்கூடாது. அந்த அச்சத்துக்கு மருந்தாக அமைந்த கட்டளைதான் `Create Outlines`. எழுத்துகளை அனுப்பும் முன்னரே அவற்றைக் கோடுகளாக மாற்றிவிட்டால் அச்சகத்தில் எழுத்துரு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அக்காலச் சூழலில் இது அறியாமையன்று, நியாயமான தற்காப்பு. பல அச்சகங்கள் இதனை நிபந்தனையாகவே விதித்தன.

ஒரு சொல்லுக்குள் நிகழ்வது

இக்கட்டளை கோப்புக்குள் என்ன செய்கிறது என்பதை ஒரே சொல்லை எடுத்துப் பார்ப்போம். நம் நாட்டு வழக்கிலுள்ள 'கோப்பி' என்ற சொல்லைக் கொள்க. யூனிகோட்டில் இச்சொல் ஆறு குறியெண்களால் ஆனது: ககரம், ஓகாரக்குறி, பகரம், புள்ளி, பகரம், இகரக்குறி. நாம் ஒலிக்கும் வரிசையில் அவை அடுக்கப்பட்டுள்ளன.

இதனை வரையும்போது எழுத்துரு ஐந்து வடிவங்களைப் பயன்படுத்துவது இயல்பு: இரட்டைக்கொம்பு, க, கால், ப், பி. ஓகாரக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. புள்ளி பகரத்தோடு கலந்து ஒரே வடிவமாகிறது, இகரமும் அவ்வாறே. ஆகவே ஆறு குறியெண்கள் ஐந்து வடிவங்களாகின்றன, வரிசையும் மாறுகிறது.

எழுத்தாகவே விடப்பட்ட பிடிஎஃப் கோப்பின் உள்ளே இச்சொல் ஏறத்தாழ இவ்வாறு காணப்படும்:

```
BT
/F1 12 Tf
72 700 Td
<0041001A003B00520060> Tj
ET
```

`BT` முதல் `ET` வரை உள்ளது எழுத்துப் பகுதி. F1 என்ற எழுத்துருவை 12 புள்ளி அளவில் எடுத்து, குறித்த இடத்தில் ஐந்து வடிவங்களை இடுக என்பதே இதன் பொருள். நான்கு இலக்கங்கள் கொண்ட ஒவ்வொரு தொகுதியும் எழுத்துருவுக்குள் ஒரு வடிவத்தின் வரிசையெண். இந்த எண் யூனிகோடு அன்று. எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடுவது. ஆகவே கோப்பினுள் ஓர் அட்டவணையும் வைக்கப்படும். அதற்கு `ToUnicode` என்று பெயர். அதிலுள்ள ஒரு வரி இவ்வாறு இருக்கும்:

```
<001A> <0B95>
```

'001A எண்ணுள்ள வடிவம் ககரம்' என்று இவ்வரி சொல்கிறது. வடிவத்திலிருந்து எழுத்துக்குத் திரும்பிச் செல்லும் பாலம் இதுவே. நகலெடுக்கும்போதும் தேடும்போதும் மென்பொருள் இந்தப் பாலத்தின் வழியே நடக்கிறது.

இப்போது அதே சொல்லைப் புறக்கோடாக மாற்றுவோம். எழுத்துப் பகுதி முழுவதும் மறைந்து, அதன் இடத்தில் இத்தகைய வரிகள் தோன்றும்:

```
100 200 m
104 212 118 215 124 206 c
130 197 l
h
f
```

`m` என்றால் எழுதுகோலை இந்தப் புள்ளிக்கு நகர்த்துக. `c` என்றால் வளைகோடு இடுக. `l` என்றால் நேர்கோடு இடுக. `h` என்றால் கோட்டை மூடுக. `f` என்றால் உள்ளே மை நிரப்புக. ஒரு ககரத்துக்கே இவ்வாறு பல வரிகள் வேண்டும். இவ்வரிகளில் எழுத்துருவின் பெயர் இல்லை; வடிவத்தின் வரிசையெண் இல்லை; யூனிகோட்டுக்குச் செல்லும் அட்டவணையும் இல்லை. நூலின் அட்டையிலுள்ள மலரோவியமும் இந்த ககரமும் கோப்பின் பார்வையில் ஓரினமே. இரண்டும் மை நிரம்பிய மூடிய கோடுகள்.

ஆகவே 'பிடிஎஃப் எழுத்துகளைப் பூட்டிவிட்டது' என்று சிலர் கூறுவது பொருந்தாது. பூட்டினால் திறக்கலாம். இங்கே எழுத்து என்பதே கோப்பில் எழுதப்படவில்லை. வேறொரு மென்பொருளில் திறப்பதாலோ கடவுச்சொல்லை நீக்குவதாலோ அது திரும்பி வராது.

வடிவமே எழுத்தைச் சொல்லாதா?

மாணவர்கள் இங்கு ஒரு நல்ல வினாவை எழுப்புவதுண்டு. கோடுகள் துல்லியமாக இருக்கின்றனவே, அவற்றின் வடிவத்தைக் கொண்டே இது ககரம் என்று கணினி முடிவு செய்யக்கூடாதா என்பது அவ்வினா.

பல இடங்களில் ஊகிக்கலாம். ஆனால் வடிவம் ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கும் இடங்கள் தமிழில் உள்ளன. ககர உயிர்மெய்யும் ஒன்று என்னும் தமிழ் எண்ணும் வடிவத்தால் ஒன்றே. யூனிகோட்டில் முன்னது U+0B95, பின்னது U+0BE7. 'கௌ' என்னும் ஓரெழுத்தின் வலப்புறச் சிறகும் 'கெள' என்பதிலுள்ள ளகரமும் பல எழுத்துருக்களில் வேறுபடுவதில்லை. துணைக்காலும் ரகரமும் அடிக்கோட்டின் சிறு சாய்வால் மட்டுமே வேறுபடுகின்றன. சில எழுத்துருக்களில் அச்சாய்வும் மிக மெலிதாக இருக்கும். இவற்றைப் பிரித்தறிய வடிவம் போதாது. சொல்லையும் சூழலையும் அறிந்த மொழியறிவு வேண்டும்.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் இதனை நன்கு அறிவர். சுவடிகளில் துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியும் இடப்படுவதில்லை. ஏட்டில் இருந்தது வரிவடிவு மட்டுமே. எழுத்தைத் தீர்மானித்தது பதிப்பாசிரியரின் புலமை. புறக்கோடாக மாறிய நூலை வாசிக்கும் கணினி, புலமை இல்லாமல் ஏட்டின் முன் அமர்ந்திருப்பவரைப் போன்றது.

தேட இயலாமையின் வகைகள்

தேடல் பொய்க்கும் தமிழ்க் கோப்புகள் எல்லாம் புறக்கோடாக மாற்றப்பட்டவை என்று கருதிவிடலாகாது. வேறு இரு நிலைகளும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது; ஏனெனில் அவற்றுக்கு மருந்து உண்டு.

முதலாவது, எழுத்து உயிரோடு இருந்தும் வரிசை பிறழ்ந்திருக்கும் நிலை. மேற்கண்ட 'கோப்பி'யின் ஐந்து வடிவங்களையும் இடமிருந்து வலமாக அப்படியே யூனிகோட்டாக மாற்றினால் இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னே வந்து நிற்கும். ஒட்டிப் பார்த்தால் 'ேகாப்பி' என்று தோன்றும். தேடும் சொல்லின் எண்வரிசையோடு அது பொருந்தாது. இதனைத் தவிர்க்கவே 2001இல் வந்த பிடிஎஃப் 1.4 பதிப்பில் `ActualText` என்னும் வசதி சேர்க்கப்பட்டது. ஒரு வடிவத் தொகுதிக்குரிய உண்மையான எழுத்து வரிசையை உடன் எழுதிவைக்க அது இடம் தருகிறது.

இரண்டாவது, யூனிகோட்டுக்கு முந்திய எழுத்துருவில் அமைந்த நூல். நகலெடுத்தால் ரோமன் எழுத்துகளும் குறிகளும் வந்து விழும். பார்ப்பதற்கு இது பெருங்கேடாகத் தோன்றும். உண்மையில் அந்தச் சிதைவில் ஓர் ஒழுங்கு உண்டு. ககரத்துக்கு எந்தக் குறி வருகிறதோ, நூல் முழுவதும் அதே குறிதான் வரும். எழுத்துருவின் பெயரை அறிந்து, உரிய மாற்று அட்டவணையைக் கொண்டு, முழு நூலையும் யூனிகோட்டுக்கு மாற்றிவிடலாம்.

மூன்றாவதே நாம் பேசும் புறக்கோட்டு நிலை. சிதைந்த குறியும் வராது, ஒன்றுமே வராது. ஆக, கண்ணுக்கு அலங்கோலமாய் ஒட்டப்படும் பழைய எழுத்துருக் கோப்பு மீட்சிக்கு உரியது. கண்ணுக்குக் குறையற்ற புறக்கோட்டுக் கோப்பு மீட்சிக்கு அரியது.

ஒரு கோப்பு எந்நிலையில் உள்ளது என்பதைச் சில நிமிடங்களில் அறியலாம். முதலில் ஒரு பக்கத்தைப் பலமடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு சதுரப் புள்ளிகளாக உடைந்தால் அது வருடியெடுத்த படம். விளிம்பு எவ்வளவு பெரிதாக்கினும் வழுவழுப்பாக இருந்து, எழுத்தைத் தேர்ந்தெடுக்கவும் முடியாவிட்டால் அது பெரும்பாலும் புறக்கோடு. பின்னர் பிடிஎஃப் வாசிப்பு மென்பொருளின் ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். கட்டளைவழிப் பழக்கம் உள்ளவர்கள் இவ்விரண்டையும் இயக்கலாம்:

```
pdffonts nool.pdf
pdftotext nool.pdf
```

முன்னது எழுத்துருக்களைப் பட்டியலிடும். பின்னது எழுத்துகளை வெளியே எடுக்கும். புறக்கோட்டுக் கோப்பில் பட்டியல் வெறுமையாக இருக்கும். எழுத்துக் கோப்பிலும் ஒன்றும் இராது.

என் சிறுகதைத் தொகுப்பில் பட்டியல் முற்றிலும் வெறுமையாக இல்லை. ஒரே ஓர் எழுத்துரு இருந்தது. அது பக்க எண்ணுக்குரியது. அந்த '17' மட்டும் பிழைத்ததன் காரணம் பின்னர் விளங்கிற்று. இன்டிசைனில் பக்க எண்ணை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியே இடுவதில்லை. எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான மூலப்பக்கத்தில் ஒருமுறை இடுவர். ஒரு பக்கத்திலுள்ள அனைத்தையும் தேர்ந்தெடுக்கும் கட்டளை மூலப்பக்கத்திலிருந்து வருபவற்றைத் தொடுவதில்லை. வடிவமைப்பாளர் ஒவ்வொரு பக்கத்தையும் தேர்ந்தெடுத்து மாற்றியபோது கதைகள் கோடுகளாயின. பக்க எண்கள் எழுத்துகளாகவே எஞ்சின.

மீட்பின் எல்லை

முதல் வழி மூலக்கோப்பைத் தேடுவது. புறக்கோடாக மாற்றிய பின்னும், மாற்றுவதற்கு முன் சேமித்த வடிவமைப்புக் கோப்பு இருக்குமானால் இழப்பே இல்லை. வடிவமைப்பாளரைத் தொடர்புகொண்டேன். அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் அதே கோப்பில் மாற்றத்தைச் செய்து, அதன்மீதே சேமித்துவிட்டதாக வருத்தத்துடன் கூறினார். செய்ததைத் திருப்பும் கட்டளை, கோப்பை மூடும்வரைதான் துணை செய்யும். எழுத்தாளர் தட்டச்சு செய்து கொடுத்த ஆவணங்களும் பழைய கணினியோடு போய்விட்டன.

எஞ்சியது இரண்டாம் வழி: பக்கங்களைப் படங்களாக மாற்றி, எழுத்துணரியைக் கொண்டு படிக்கச் செய்தல். எழுத்துணரி மென்பொருள்கள் சில, பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருப்பதைக் கண்டால் அப்பக்கத்தை உணர மறுத்துவிடும். பிழைத்திருந்த பக்க எண்ணே இவ்வாறு எனக்குத் தடையாயிற்று. பக்கங்களை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்ட படங்களாக மாற்றிய பின்னரே வழி பிறந்தது:

```
pdftoppm -r 300 -png nool.pdf pakkam
tesseract pakkam-017.png pakkam-017 -l tam pdf
```

இரண்டாம் கட்டளை பக்கத்தின் படத்தோடு, கண்ணுக்குத் தெரியாத எழுத்தடுக்கு ஒன்றையும் சேர்த்துப் புதிய பிடிஎஃப் கோப்பைத் தருகிறது. பார்ப்பது படத்தை, தேடுவது அந்த மறைந்த அடுக்கை.

இவ்வளவும் செய்து 'பசியாறி' என்று தேடியபோது சில இடங்கள் கிடைத்தன. ஆயினும் இரண்டாம் பத்தியில் நான் முதன்முதல் கண்ட சொல் மட்டும் கிடைக்கவில்லை. எழுத்துணரி துணைக்காலை ரகரமாகக் கொண்டு 'பசியரறி' என்று படித்திருந்தது. கண்ணால் முன்பே கண்டிராவிடில் அச்சான்று என் ஆய்வில் இடம்பெற்றிருக்காது. எழுத்துணரி தருவது எழுத்து அன்று. எழுத்தைப் பற்றிய ஊகம். அதனை மெய்ப்புப் பார்த்த பின்னரே சான்றாகக் கொள்ளலாம். இருநூறு பக்கங்களை வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்த எனக்குப் பல வாரங்கள் ஆயின.

இங்கு ஒரு வரலாற்று முரண் கவனிக்கத்தக்கது. ஈய எழுத்தால் கோக்கப்பட்ட 1887ஆம் ஆண்டு இதழைத் தேடத்தக்கதாக்க வேண்டுமானால், அதைப் படமெடுத்து, எழுத்துணரிக்குக் கொடுத்து, மெய்ப்புப் பார்க்க வேண்டும். கணினியிலேயே தட்டச்சாகி, கணினியிலேயே வடிவமைக்கப்பட்ட 2000களின் நூலுக்கும் நான் அதே மூன்று படிகளைத்தான் கடக்க நேர்ந்தது. ஒருமுறை விரலால் தட்டிக் குறியெண்ணாக உள்ளே சென்ற தமிழ், இறுதிப் படியில் தகடாக வெளிவந்தது.

இன்று தேவை உண்டா?

புறக்கோட்டைத் தோற்றுவித்த காரணம் இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டது. 1993இல் அறிமுகமான பிடிஎஃப், எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பதித்து அனுப்பும் வசதியோடு பிறந்தது. நூலில் பயன்பட்ட வடிவங்களை மட்டும் தொகுத்துப் பதிக்கவும் அது இடம் தருகிறது. பதித்த எழுத்துரு இருக்கையில் அச்சகத்தில் அது தனியே இருக்க வேண்டியதில்லை. கூரியர் வந்து புகவும் வழியில்லை. நெடுங்காலக் காப்புக்கென 2005இல் வகுக்கப்பட்ட பிடிஎஃப்/ஏ தரம் எழுத்துருப் பதித்தலைக் கட்டாயமாக்கியது. 2011இல் வந்த அதன் இரண்டாம் பகுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடு இணைப்பு இருக்க வேண்டும் என்னும் 'யு' நிலையையும் சேர்த்தது. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. அந்நிபந்தனை கோப்பிலுள்ள எழுத்துக்கே பொருந்தும். எழுத்தே இல்லாத புறக்கோட்டுக் கோப்பில் பதிக்க வேண்டிய எழுத்துருவும் இல்லை, இணைக்க வேண்டிய எழுத்தும் இல்லை. ஆகவே தரச்சோதனையில் தேறியது என்பதைக் கொண்டே தேடத்தக்கது என்று முடிவு செய்யலாகாது.

புறக்கோடு இன்றும் உரிய இடங்கள் சில உள்ளன. இலச்சினைகளும் கைவண்ணம் சேர்த்த அட்டைத் தலைப்புகளும் அத்தகையவை. உரிமையாளர் பதிக்க அனுமதிக்காத எழுத்துருவைப் பயன்படுத்த நேர்ந்தாலும், பழைய கருவியுள்ள அச்சகம் வற்புறுத்தினாலும் அது தேவைப்படலாம். அப்போதும் உரிமத்தின் விதிகள் புறக்கோட்டை ஏற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சகம் கேட்டால், அச்சுக்கெனத் தனிப்படி ஒன்றை எடுத்து, அந்தப் படியை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றாத வடிவமைப்புக் கோப்பும், எழுத்துருப் பதித்த பிடிஎஃப் கோப்பும் பதிப்பாளரிடமே இருக்க வேண்டும்.

பள்ளி ஆண்டு மலர்களையும் மாணவர் படைப்புத் தொகுப்புகளையும் வெளியிடும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். வடிவமைப்பாளர் இறுதிக் கோப்பைத் தரும்போது அட்டையின் வண்ணத்தைப் பார்ப்பதோடு, உள்ளே ஒரு பக்கத்தைத் திறந்து, இரட்டைக்கொம்பும் காலும் கொண்ட ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். 'கோப்பி' என்றோ 'தோழி' என்றோ இருக்கலாம். கிடைத்தால் அந்நூலில் எழுத்து இருக்கிறது. கிடைக்காவிட்டால், அதே வரியை நகலெடுத்து ஒட்டுங்கள். பிறழ்ந்த வரிசையோ ரோமன் குறிகளோ வந்தால் திருத்த வழியுண்டு. ஒன்றுமே வராவிட்டால், பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடிப்பதற்கு முன் மூலக்கோப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அன்று அவரிடம் அது இருக்கும்.